ஐ.பி. மனு: போடுவது எளிது, வெளியே வருவதுதான் வேலை

கடன் கழுத்தை மீறிப் போனவர்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "மஞ்சள் நோட்டீஸ் குடுத்துட்டு நிம்மதியா இரு." கோர்ட்டில் ஐ.பி. என்கிற திவால் மனு கொடுத்தால் அன்றோடு கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். நான் அந்த மனு போட்டவன். திவாலானவன் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு டிஸ்சார்ஜ் உத்தரவும் வாங்கியவன். மனு போட்டால் கிடைப்பது மூச்சு விட இடம் மட்டுமே. கடனிலிருந்து சட்டப்படி விடுவிப்பது டிஸ்சார்ஜ் உத்தரவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேத் பட்டறை வைத்திருந்தேன். வேலையில் பெரும்பகுதி ஒரே கம்பெனிக்குத்தான். அந்தக் கம்பெனி பணம் தராமல் இழுத்தது, பிறகு மூடியே விட்டது. எனக்கு வரவேண்டிய எட்டு லட்சம் அங்கேயே நின்றுபோனது. 2017 கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது மெஷின் வாங்கிய பேங்க் கடன் 9 லட்சம், இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனிகளின் பர்சனல் லோன் 7 லட்சம், கிரெடிட் கார்டு 3 லட்சம், புரோநோட்டு எழுதிக் கொடுத்து தனியாரிடம் வாங்கியது 16 லட்சம், வரி பாக்கி ஒன்றரை லட்சம் என்று நின்றது. மொத்தம் முப்பத்தாறரை லட்சம். சொத்து என்று சொன்னால் விற்றால் 4 லட்சம் வரும் மெஷின்கள், பட்டறைக் கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் 60 ஆயிரம், ஒரு பழைய பைக். வீடு வாடகை வீடு.

வழிகள் என்னென்ன என்று வக்கீல் வரிசையாகச் சொன்னார். முதலாவது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி ஒரே தடவையில் குறைத்துக் கட்டுவது. பேங்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இதற்கு இணங்கும், ஆனால் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். பாதிக்குக் குறைத்தாலும் எனக்குப் பதினெட்டு லட்சம் தேவை. மெஷின்கள் பேங்க் அடமானத்தில், அது போக இருந்தது ஒரு லட்சம். கடன் சொத்தைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருப்பவருக்கு இந்த வழி சரி. முப்பது மடங்கு இருப்பவருக்கு இது பேச்சளவில்தான்.

இரண்டாவதாக நான் கேட்டது 2016-இல் வந்த புதிய திவால் சட்டம். அதில் தனிநபர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, ஏழைக் கடனாளிகளுக்குப் புதுத் தொடக்கம் என்று ஒரு நடைமுறைகூட உண்டு. ஆண்டு வருமானம் 60 ஆயிரத்துக்கு மேல் போகக்கூடாது, சொத்து 20 ஆயிரத்தைத் தாண்டக்கூடாது, தள்ளுபடிக்கு உரிய கடன் 35 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது. படித்ததும் இவ்வளவு சின்னத் தொகைக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள் என்றுதான் தோன்றியது. அதைவிட முக்கியம், தனிநபர் பகுதி 2019 டிசம்பரில் அமலுக்கு வந்ததே கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களுக்கு மட்டும். என்னைப் போன்ற சாதாரணக் கடனாளிக்கு இன்னும் பழைய சட்டம்தான்: சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். சென்னை என்றால் ஹைகோர்ட்டுக்குப் போகும். என் மனு மாவட்டத்து சப் கோர்ட்டில், 1920 சட்டத்தின் கீழ். இனி சொல்வதெல்லாம் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான்.

அந்தச் சட்டத்தில் கடனாளி தானே மனு போட மூன்று வாசல். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்கலாம், பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பான டிக்ரியை நிறைவேற்றுவதற்காகக் கைதாகியிருக்கலாம், அல்லது சொத்து ஜப்தி உத்தரவில் இருக்கலாம். 500 ரூபாய் என்பது நூறாண்டுக்கு முந்தைய தொகை, அப்படியே கிடக்கிறது. இந்தச் சட்டத்தின் பல தொகைகள் அப்படித்தான், பின்னால் ஒன்று என்னையே கடித்தது.

என்னை மனு போட வைத்தது புரோநோட்டுக்காரர் ஒருவர். டிக்ரி வாங்கி, என்னைக் கைது செய்யக் கேட்டு நிறைவேற்று மனுப் போட்டுவிட்டார். வெறுமனே பணம் இல்லை என்பதற்காக ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு தராமல் இருந்தால்தான் முடியும் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்பது, ஒரு வாய்தாவுக்குப் போகத் தவறினால் வாரண்ட் வருமோ என்று பயப்படுவது, இதில் புதிதாகக் கிடைத்த சம்பள வேலையைக் காப்பாற்றுவது கஷ்டம். திவால் என்று அறிவித்த பிறகு தனியாகப் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வாங்கலாம், அது இருந்தால் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. கோர்ட் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர் யாரும் புதிதாக வழக்கும் போட முடியாது.

மனுவில் எழுத வேண்டியது ஒரு பட்டியல்தான், ஆனால் அந்தப் பட்டியலில்தான் எதிர்காலம் இருக்கிறது. கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொகை. என் பெயரில் இருக்கும் ஒவ்வொரு பொருளும், அதன் மதிப்பும். வரவேண்டிய எட்டு லட்சத்தையும் எழுதினேன், வராது என்று தெரிந்தும். அது என் சொத்து, எழுதாமல் விட்டால் மறைத்ததாகும். மறைத்தது தெரிந்தால் ஓராண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது, டிஸ்சார்ஜும் போய்விடும். நண்பரிடம் கைமாற்றாக வாங்கிய சின்னத் தொகையைக்கூட வக்கீல் விடவில்லை. "அவருக்கு நோட்டீஸ் போனா கோவிச்சுக்குவாரு சார்" என்றேன். "கோவிக்கட்டும் தம்பி. பட்டியல்ல பேரு இல்லாதவன்தான் கடைசில வந்து நிப்பான்" என்றார்.

திவால் என்று அறிவித்த அன்று முதல் என் சொத்தெல்லாம், அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடக் கோர்ட் வைக்கும் ரிசீவர் கைக்குப் போனது. நம்மிடம் மிஞ்சுவது எது என்பதற்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். உடை, சமையல் பாத்திரம், கட்டில் படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், பி.எஃப். பணம், ஆயுள் காப்பீட்டுப் பாலிசித் தொகை இவற்றைத் தொட முடியாது. என் சின்ன எல்.ஐ.சி. பாலிசி அதனால் தப்பியது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் நமக்கு. எனக்கு அப்போது சூப்பர்வைசர் வேலையில் 28 ஆயிரம். ஆயிரத்தைக் கழித்தால் 27, அதில் 18 எனக்கு. ஆக 19 ஆயிரம் பத்திரம், 9 ஆயிரம் வரை கைவைக்கலாம். எடுத்தார்களோ இல்லையோ, அந்த 9 ஆயிரம் தங்களுக்கு வரக்கூடியது என்று ரிசீவரும் நீதிபதியும் கணக்கில் வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் அது தெரிந்தது.

பேங்க் மெஷின் கடன் இந்தக் கணக்குக்கு வெளியே. அடமானம் வாங்கியவரின் உரிமையைத் திவால் அறிவிப்பு தொடாது. மெஷின்களை எடுத்து விற்றார்கள், 4 லட்சம் வந்தது. மிச்சம் 5 லட்சம் ஈடில்லாத கடனாக மாறி மற்றவர்களோடு வரிசையில் சேர்ந்தது. இப்போது ஈடில்லாத கடன் எவ்வளவு? பர்சனல் லோன் 7, கார்டு 3, புரோநோட்டு 16, மெஷின் மிச்சம் 5, வரி ஒன்றரை. முப்பத்திரண்டரை லட்சம். ரிசீவர் கையில் சேர்ந்தது அட்வான்ஸ் 60 ஆயிரமும் பைக் விற்ற 40 ஆயிரமும், ஒரு லட்சம். ரிசீவர் செலவு போக, அரசுக்கு வரவேண்டியது முதலில். வரி பாக்கிக்கே அந்த லட்சம் போதவில்லை. புரோநோட்டுக்காரர்களுக்கும் கார்டுகளுக்கும் ஒரு காசும் போகவில்லை. கடன் கொடுத்தவர்கள் இதைக் கேட்டுக் கொதிப்பார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இடையில் ராஜி ஒன்றுக்கும் வழி இருக்கிறது. இத்தனை பைசா தருகிறேன் என்று திட்டம் கொடுத்து, கடனை நிரூபித்துக் கூட்டத்துக்கு வந்தவர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் தொகையில் நாலில் மூன்று பங்கும் ஒத்துக்கொண்டால், கோர்ட் அதை ஏற்கலாம். ஏற்றால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். உறவினர் யாராவது இரண்டு மூன்று லட்சம் போடத் தயாராக இருந்தால் இது நல்ல வழி. எனக்கு அந்த உறவினர் இல்லை.

உறவினர் என்றதும் ஜாமீன் விஷயத்தைச் சொல்ல வேண்டும், நான் பார்த்ததில் குடும்பங்களை உடைப்பது இதுதான். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன் மூன்று லட்சத்துக்கு அக்கா வீட்டுக்காரர் ஜாமீன் போட்டிருந்தார். எனக்கு டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் அவருக்குக் கிடைக்காது. சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரையும் ஜாமீன்தாரரையும் அந்த உத்தரவு விடுவிக்காது. அப்படியானால் மனு போடும் முன் அந்த ஒரு கடனை மட்டும் எப்படியாவது அடைத்துவிடலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. வக்கீல் கையை உயர்த்தித் தடுத்தார். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவரை மட்டும் தேர்ந்து கொடுத்தால் அது மற்றவர்களுக்கு எதிரான சலுகை. ரிசீவர் கேட்டு கோர்ட் அதைச் செல்லாததாக்கலாம், டிஸ்சார்ஜில் எனக்கு எதிராகவும் நிற்கும். கடைசியில் மாமாவே தன் பணத்தில் கட்டினார். கட்டிய தொகைக்குத் தானே கடன் கொடுத்தவராகப் பட்டியலில் சேர்ந்தார். "நானும் உன் மேல கேஸ் போட்டவன் மாதிரி ஆயிட்டேன் மாப்ள" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அதே காலத்தில் அதே கோர்ட்டில் மனு போட்ட இன்னொருவர், மனுவுக்கு ஓராண்டு முன்பு வீட்டைத் தன் மனைவி பெயருக்குத் தானமாக எழுதி வைத்திருந்தார். நல்ல நம்பிக்கையில் விலை வாங்கி விற்றிருந்தால் வேறு கதை. விலையில்லாமல் கொடுத்து, இரண்டு ஆண்டுக்குள் மனுவும் வந்தால், ரிசீவர் கேட்டு அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். செய்தார்கள். வீடும் போய், மறைத்தவர் என்ற பேரும் வந்தது. வசதி இருக்கும்போது மாற்றிவிட்டால் தப்பலாம் என்று யோசனை சொல்பவர்கள் இந்த இரண்டு ஆண்டைச் சொல்வதில்லை.

செக் வழக்கு வேறு. புரோநோட்டு எழுதி வாங்கியவர்கள் கூடவே கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் வாங்குவார்கள். அதில் ஒருவர், செக் பணமில்லாமல் திரும்பியதற்கான 138-ஆம் பிரிவில் வழக்குப் போட்டார். அது குற்ற வழக்கு, திவால் அறிவிப்பால் நிற்காது. தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. என்னிடம் பணம் இல்லை, இருந்தாலும் கொடுக்கும் உரிமை ரிசீவரிடம் இருந்தது. தம்பி தன் பணத்தில் பேசி முடித்தான். மனு போடும் முன் எத்தனை செக் வெளியே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திவால் மனு பயன்படுமா என்பதில் பாதி விடை அந்த எண்ணிக்கையில் கிடைத்துவிடும்.

இனி டிஸ்சார்ஜ். திவால் என்று அறிவிக்கும் உத்தரவிலேயே, இத்தனை காலத்துக்குள் டிஸ்சார்ஜ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். என் உத்தரவில் ஓராண்டு. அந்தக் கெடுவுக்குள் கேட்காவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகும், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் பழையபடி வந்துவிடுவார்கள். இது நடப்பது அதிகம். மனு போட்டதும் வக்கீலுக்கு ஃபீஸ் தருவது நின்றுவிடும், வக்கீலும் மறந்துவிடுவார், கடனாளியும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார். சில ஆண்டு கழித்துப் பழைய டிக்ரிக்கு மறுபடி ஜப்தி வரும்போதுதான் விஷயம் தெரியும். கெடு போதாது என்று தோன்றினால் முடிவதற்குள் நீட்டிக்கக் கேட்கலாம்.

கேட்டாலும் கிடைத்துவிடாது. 42-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது: சொத்தின் மதிப்பு, ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு 50 பைசாவுக்குக் குறைவாக இருந்தால் முழு டிஸ்சார்ஜ் மறுக்கப்பட வேண்டும். என் கணக்கில் ரூபாய்க்கு மூன்று பைசாதான். கடன் சொத்தைவிடப் பல மடங்கு இருப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. தப்பிக்க ஒரு கதவு அதே வரியில் இருக்கிறது: தன்னைக் குற்றம் சொல்ல முடியாத காரணத்தால் இந்த நிலை வந்தது என்று கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால், இந்தக் காரணத்துக்காக மறுக்க மாட்டார்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு உதவியது பில் புத்தகம், வரி ரிட்டர்ன், அந்தக் கம்பெனி அனுப்பிய ஆர்டர்கள், "அடுத்த மாதம் தருகிறோம்" என்று அவர்கள் எழுதிய மெயில்கள். மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம் சரியாக இல்லாவிட்டால் அதுவே இன்னொரு தனிக் காரணமாகி மறுப்பார்கள். பட்டறையை மூடும்போது பழைய பேப்பர்களைக் கடைக்குப் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. டிஸ்சார்ஜ் வரும்வரை ஒரு காகிதத்தையும் போடாதீர்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டது வேறொரு காரணம். கடைசி மாதங்களில் வாங்கிய புரோநோட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா என்று கேட்டார். கம்பெனி நிலுவை வரும் என்று நம்பியதற்கு மெயில்கள் சாட்சி, ஆனால் அவை முழுதாகக் காப்பாற்றவில்லை. கோர்ட் நிபந்தனையோடு டிஸ்சார்ஜ் கொடுத்தது: மூன்று ஆண்டுக்கு மாதம் 3 ஆயிரம் ரிசீவரிடம் கட்ட வேண்டும். பிடிக்கக்கூடிய 9 ஆயிரத்தில் மூன்றில் ஒன்று. எதிர்கால வருமானத்தின் மேல் இப்படி நிபந்தனை போட அதிகாரம் இருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே பட்டது, குறைந்தபட்சம் கடன் கொடுத்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் போகும் என்பதால்.

டிஸ்சார்ஜ் ஆனாலும் நிற்கும் கடன்கள் உண்டு. அரசுக்கு வரவேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம். என் வரி பாக்கியில் மிச்சம் இருந்தது அப்படியே என்னோடு வந்தது.

இனி, மறுபடி கடன் கேட்பது. இதில் இரண்டு காலம் இருக்கிறது, இரண்டையும் கலக்கக்கூடாது.

அறிவிப்புக்கும் டிஸ்சார்ஜுக்கும் நடுவில் உள்ள காலத்தில் கடன் வாங்குவதே ஆபத்து. 72-ஆம் பிரிவின்படி, டிஸ்சார்ஜ் ஆகாத திவாலானவர் என்று சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெற்றால் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஐம்பது ரூபாய்! பாக்கி வைத்துச் சரக்கு வாங்குவதும் கடன்தான். நான் வேலை மாறியபோது புது முதலாளியிடம் சம்பள அட்வான்ஸ் கேட்டேன், அவரிடம் விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கினேன். வாயால் சொன்னதை நாளைக்கு நிரூபிக்க முடியாது. அதே காலத்தில் கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, கூட்டுத் தொழிலில் பங்குதாரராகத் தொடரவும் முடியாது. எனக்கு முதல் இரண்டும் கவலையில்லை. மூன்றாவது, நண்பரோடு தொடங்க நினைத்த சின்னப் பட்டறையை நிறுத்தியது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு சட்டத் தடை இல்லை. சிபில் அறிக்கை இருக்கிறது. இந்தியாவில் கடன் வரலாறு வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். கோர்ட் உத்தரவு போட்டதும் இவர்களுக்குத் தானாகத் தெரியாது. கடன் கொடுத்த பேங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் சொல்வதைத்தான் ஏற்றுவார்கள். என் அறிக்கையில் டிஸ்சார்ஜ் வந்த பிறகும் கார்டுக் கடன் முழுத் தொகையோடு, வட்டி ஏறிக்கொண்டே, வழக்குத் தொடரப்பட்டது என்ற குறிப்போடு கிடந்தது. இன்னொன்றில் தள்ளுபடி செய்யப்பட்டது என்று இருந்தாலும் பாக்கித் தொகை காட்டியது. புதிதாகக் கடன் தருபவர் பார்ப்பது அந்தப் பாக்கித் தொகையைத்தான்.

செய்ய வேண்டியது இது. டிஸ்சார்ஜ் உத்தரவின் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை கோர்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடன் நிறுவனத்துக்கும் நகலோடு பதிவுத் தபால் அனுப்பி, பாக்கியைப் பூஜ்யமாகக் காட்டும்படி கேளுங்கள். பிறகு நான்கு நிறுவனங்களிடமும் இலவச அறிக்கை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும். மாறவில்லை என்றால் அந்த நிறுவனத்திலேயே புகார் பதிவு செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலிலிருந்து விதி வைத்திருக்கிறது. அந்த விதி வந்த பிறகு என் கடைசிப் பிழை வேகமாகத் திருந்தியது.

திருந்துவது பாக்கித் தொகைதான், வரலாறு அல்ல. தவறிய தவணைகளும் தள்ளுபடிக் குறிப்பும் இருக்கும். கடன் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனங்களுக்கான விதி. என் ஸ்கோர் 500-களில் கிடந்தது, 300-லிருந்து 900 வரையுள்ள அளவில். எல்லாப் பேங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் பார்த்தேன். நம்மால் நஷ்டப்பட்ட பேங்க், சிபிலில் என்ன மாறினாலும் தன் புத்தகத்தில் மறக்காது. அங்கே மறுபடி கேட்பது வீண். குறைத்துக் கட்டி ராஜியாகப் போனவர்களுக்குக்கூட, அதே நிறுவனம் புதுக் கடன் கொடுக்கக் குறைந்தது பன்னிரண்டு மாதம் இடைவெளி விட வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. விவசாயக் கடனுக்கு வேறு ஏற்பாடு. பன்னிரண்டு மாதம் கழித்துத் தருவார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எனக்கு மீண்டும் கிடைத்த முதல் கடன் நகைக்கடன். நகை ஈடு இருப்பதால் ஸ்கோரை அவ்வளவாகப் பார்க்கவில்லை, திருப்பிக் கட்டியது அறிக்கையில் நல்ல கணக்காக ஏறியது. அடுத்து வேறொரு பேங்கில் 20 ஆயிரம் டெபாசிட் போட்டு அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்கினேன். அதில் மாதம் கரண்ட் பில் மட்டும் கட்டி, கெடு நாளுக்கு முன் முழுதாக அடைத்துவிடுவேன். ஸ்கோர் மெதுவாக ஏறியது. பல இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி இன்னும் இறங்கும், அதனால் கேட்பதையே குறைத்துக்கொண்டேன்.

மாமாவின் அறிக்கையைப் பார்க்கும் யோசனை எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஜாமீன் போட்ட கடன் அவர் அறிக்கையிலும் ஏறியிருந்தது, அவர் முழுதாகக் கட்டிய பிறகும் முடிந்த கணக்காக மாற்றப்படவில்லை. அவர் மகளுக்குக் கல்விக் கடன் கேட்டபோது பேங்க் அதைக் காட்டிக் கேள்வி கேட்டது. கட்டிய ரசீதையும் பாக்கி இல்லை என்ற சான்றிதழையும் கொடுத்து மாற்றச் சொல்லியிருக்கிறோம், ஒரு நிறுவனம் மாற்றிவிட்டது, இன்னொன்றில் புகார் நிலுவையில் இருக்கிறது. ஜாமீன் போட்டவர் யாராக இருந்தாலும், உங்கள் அறிக்கையோடு சேர்த்து அவருடையதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பேரில் கிடக்கும் பிழைக்கு நீங்கள் புகார் கொடுக்க முடியாது, அவர்தான் கொடுக்க வேண்டும்.